விடைபெறும் மின்னஞ்சலைப் பெரியப்பா எழுத வேண்டாம்

ஐயா, உங்கள் கடிதமும் அதோடு இணைத்திருந்த இரண்டு பக்க வரைவும் கிடைத்தன. கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த உங்கள் மகள் வரும் வெள்ளிக்கிழமையோடு அந்த நிறுவனத்தை விட்டு விலகுகிறாள். அலுவலகம் முழுவதற்கும் பிரமாதமான ஒரு மின்னஞ்சல் எழுதி விடைபெற வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. அவளோ சில வரிகள் போதும் என்கிறாள். இதனால் அவள் பெயர் கெட்டுவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வேலையிலிருந்து பிள்ளை விலகும்போது பெற்றோருக்கு வருகிற பதற்றம்தான் இது, புரிகிறது. ஆனால் அந்த வரைவு அப்படியே போனால்தான் அவளுக்குக் கெடுதல்.

வரைவை எழுதியவர் அவளுடைய பெரியப்பா, அழகுபடுத்தியது அத்தை மகன் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த அலுவலகத்தில் ஒரு நாள்கூட உட்காராத இருவர். அதனால்தான் அதில் மகளின் சாதனைகள் இருக்கின்றன, புதிய நிறுவனத்தின் பெயரும் பதவியும் இருக்கின்றன, இத்தனை நாள் பதவி உயர்வு கிடைக்காத வருத்தம்கூட நாசூக்காக இருக்கிறது. அவளோடு வேலை பார்த்த ஒருவர்கூட அதில் இல்லை. யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். சக ஊழியர்களுக்காக அல்ல, உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்காக.

மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, புதிய நிறுவனத்தின் பெயர். அவள் இன்னும் அங்கே சேரவில்லை. பல நிறுவனங்கள் ஆள் சேர்ப்பதற்கு முன்போ சேர்த்த உடனேயோ பழைய இடத்தில் விசாரிக்கும். அந்தச் சமயத்தில் பழைய நிறுவனத்திடமிருந்து பணி விடுவிப்புக் கடிதமும் கடைசிக் கணக்குத் தொகையும் வர வேண்டியிருக்கும். அதற்குள் பெயரைப் பறைசாற்றுவதால் ஒரு லாபமும் இல்லை. கேட்கிறவர்களிடம் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாவது, “அங்கே இன்னும் ஆள் எடுக்கிறார்கள், விருப்பமுள்ளவர்கள் என்னைத் தொடர்புகொள்ளுங்கள்” என்ற வரி. அத்தை மகன் நல்ல எண்ணத்தில்தான் சேர்த்திருப்பார். ஆனால் விலகிய பிறகு குறிப்பிட்ட காலத்துக்குச் சக ஊழியர்களையோ வாடிக்கையாளர்களையோ இழுக்கக் கூடாது என்ற நிபந்தனை பல வேலை ஒப்பந்தங்களில் இருக்கிறது. மகளின் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நிபந்தனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வரி போக வேண்டும். ஏனென்றால் அவள் அதை அனுப்புவது நிறுவனத்தின் முகவரியிலிருந்து. அந்த மின்னஞ்சல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். பிறகு வழக்கறிஞர் யாராவது தேடினால் அவள் கைப்பட எழுதிய சாட்சியாக அதுவே நிற்கும்.

மூன்றாவது, பதவி உயர்வு பற்றிய வருத்தம். அதைச் சொல்ல இடம் இருக்கிறது. விலகும் நாளையொட்டி மனிதவளப் பிரிவு நடத்தும் நேர்காணலில் நிதானமாக, சான்றுகளோடு சொல்லலாம். பலரும் படிக்கிற விடைபெறும் மடலில் அது முணுமுணுப்பாக மட்டுமே கேட்கும்.

தலைமைப் பதவியிலிருந்து விலகிய ஒருவரின் வெளிப்படையான கடிதம் உலகமே பேசியது என்று பெரியப்பா எடுத்துக்காட்டியிருக்கிறார். 2013-இல் குரூப்பான் நிறுவனத்தின் ஆண்ட்ரூ மேசன் எழுதியதைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். குடும்பத்தோடு இருக்க விலகுகிறேன் என்று தொடங்கி, வேடிக்கைக்குச் சொன்னேன், இன்று என்னை நீக்கிவிட்டார்கள் என்று அடுத்த வரியிலேயே உடைத்தவர் அவர். ரசிக்கத்தக்க கடிதம்தான். ஆனால் அவர் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் தலைமை நிர்வாகி. அவரது நீக்கம் எப்படியும் செய்தியாகப் போகிறது. ஊழியர்களுக்கு எழுதியது எப்படியும் வெளியே கசியும் என்பதால் தானே பகிரங்கமாக வெளியிடுவதாகவும் அவர் சொல்லியிருந்தார். உள்ளுக்குள் அனுப்பியது உள்ளேயே தங்காது என்ற அந்த ஒரு பாடத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி என்ன எழுதலாம் என்று பார்ப்போம். வணக்கம், நன்றி, வாழ்த்து என்ற வழக்கமான சட்டகம் அவளுக்கே தெரியும், அதில் நேரத்தைச் செலவழிக்கப் போவதில்லை. குழுவுக்கான மடல் இந்த அளவில் இருந்தால் போதும்:

“அன்புள்ள அனைவருக்கும், இன்று இங்கே என் கடைசி நாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல் மாத இறுதிக் கணக்கை முடித்தபோது, இரவு வரை யாரும் என்னைத் தனியாக விட்டுப் போகவில்லை. அது நினைவில் இருக்கும். என் பொறுப்பிலிருந்த வேலைகளின் விவரங்களைக் குழுத் தலைவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். இனி என்னைத் தொடர்புகொள்ள என் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கீழே தந்திருக்கிறேன். உங்களோடு வேலை பார்த்தது மகிழ்ச்சி. நன்றி.”

கதகதப்பு எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். “மறக்க முடியாத பயணம்”, “குடும்பம் போன்ற அலுவலகம்” என்ற சொற்களிலிருந்து வரவில்லை. அந்த இரவில் அங்கிருந்தவர்களுக்கு மட்டும் புரிகிற ஒரே ஒரு நிகழ்ச்சியிலிருந்து வருகிறது. விலகும் காரணம் இல்லை, உடல்நிலை இல்லை, சம்பளம் இல்லை, திருமணப் பேச்சு இல்லை. இவற்றில் ஒன்றைக்கூட எழுதாததால் யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை.

யாருக்கு அனுப்புவது? அலுவலகம் முழுவதற்கும் வேண்டவே வேண்டாம். அவள் முகம் தெரியாதவர்களுக்கு அது இன்னுமொரு மடல், அவ்வளவுதான். தன் குழுவும், அடிக்கடி சேர்ந்து வேலை பார்த்த பிற பிரிவினரும் போதும். பட்டியல் கொஞ்சம் நீண்டால் முகவரிகளை Bcc கட்டத்தில் போடச் சொல்லுங்கள். அப்போது ஒருவர் எல்லோருக்கும் பதில் என்ற பொத்தானை அழுத்தினாலும் மற்றவர்களின் பெட்டி நிரம்பாது. 1997-இல் மைக்ரோசாஃப்ட்டிலேயே இப்படி ஒரு பெரிய பட்டியலுக்கு மடல் போய், என் பெயரை நீக்குங்கள் என்று ஆளுக்கு ஆள் எல்லோருக்கும் பதில் அனுப்பி, மின்னஞ்சல் அமைப்பே திணறியது. வாடிக்கையாளர்கள் இந்தப் பட்டியலில் வரவே கூடாது. அவர்களுக்கு யார், எப்போது, என்ன சொல்வது என்பதை மேலாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் குடும்பத்தில் யாருமே யோசிக்காத ஒன்றுக்கு வருகிறேன். பெரிய மடலுக்குச் செலவழிக்க நினைத்த நேரத்தைத் தனித்தனிக் குறிப்புகளுக்குக் கொடுங்கள். அவளுக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தவர்கள், கைகொடுத்தவர்கள் என்று நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக மூன்று, நான்கு வரிகள். ஒருவருக்கு எழுதியதை வெட்டி இன்னொருவருக்கு ஒட்டக் கூடாது. இருவர் பக்கத்து மேசைக்காரர்கள் என்றால் அது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் தொலைபேசியில் கேட்டபோது உங்கள் மகள் தன் மூத்த சக ஊழியர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். பற்றும் வரவும் பொருந்தாமல் அவள் தவித்தபோது அவர் ஒரு வழி காட்டினாராம்: வித்தியாசத் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறதா என்று முதலில் பார், வகுபட்டால் பெரும்பாலும் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். 5,274 என்பதை 5,724 என்று பதிந்தால் வித்தியாசம் 450, அது ஒன்பதின் ஐம்பது மடங்கு. இதைச் சொல்லும்போது அவள் குரலே மாறியது. அந்தக் குறிப்பை நான் எழுதித் தரவில்லை. அவளே எனக்கு அனுப்பிக் காட்டினாள்:

“வித்தியாசம் 450 என்று நான் விழித்துக்கொண்டிருந்த அன்று, ஒன்பதால் வகுத்துப் பார் என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். தவறை நானே கண்டுபிடிக்க விட்டதற்கு இப்போதுதான் நன்றி சொல்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கும் அப்படியே சொல்லுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள்.”

ஐயா, உங்கள் வரைவின் இரண்டு பக்கங்களிலும் இதற்கு ஈடான ஒரு வரி இல்லை. சில ஆண்டுகள் கழித்து அவளைப் பற்றி யாராவது விசாரித்தால், மனமுவந்து பேசப்போவது இந்தக் குறிப்பைப் பெற்றவர்தான். இப்படி ஒரு குறிப்பு எழுத வேண்டிய ஆள் யார் என்று கண்டுபிடிப்பதும் எளிது: நாளை யார் இடம் மாறிப் போனாலும் தேடிப் பிடித்துத் தொடர்பு வைத்துக்கொள்வாள் என்று அவளைக் கேளுங்கள். மேலாளரோடு அவளுக்குச் சரிப்படவில்லை என்றால் அவருக்கு ஒரு மரியாதையான நன்றி வரி போதும். இல்லாத அன்பை வரவழைக்கத் தேவையில்லை, படிக்கிறவருக்கே கூசும்.

நேரம் முக்கியம். விலகும் செய்தியை மேலாளர் குழுவுக்குச் சொல்லிவிட்டாரா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அவர் சொல்வதற்கு முன் மடல் போனால் சங்கடம் அவருக்கு, பழி அவளுக்கு. தனிக் குறிப்புகளைக் கடைசி நாளுக்கு முந்தைய நாள் அனுப்பலாம், அவர்கள் பதில் எழுதவோ நேரில் வந்து பேசவோ அவகாசம் இருக்கும். குழு மடலைக் கடைசி நாள் காலையிலேயே அனுப்பிவிட வேண்டும். மாலை வரை வைத்திருந்தால், சில அலுவலகங்களில் மதியமே கணக்கை முடக்கிவிடுவார்கள், மடல் வரைவாகவே கிடக்கும். அனுப்பிய பிறகு திரும்பப் பெறலாம் என்று நம்ப வேண்டாம். ஜிமெயிலில்கூட அதற்கு அதிகபட்சம் 30 விநாடிகள்தான். ஞாபகத்துக்கு என்று அலுவலக முகவரிப் பட்டியலையோ கோப்புகளையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளவும் கூடாது. அது விடைபெறுதல் அல்ல, நிறுவனத்தின் தகவலை எடுத்துச் செல்வது.

ஒப்படைப்பு விவரங்களை விடைபெறும் மடலோடு கலக்க வேண்டாம். எந்தக் கோப்பு எங்கே, எந்த விலைப்பட்டியல் நிலுவை என்பது தனி மடலாக மேலாளருக்கும் பொறுப்பேற்பவருக்கும் சில நாள் முன்பே போக வேண்டும்.

கடைசியாக, அவள் கூச்ச சுபாவம் உள்ளவள், அதனால் வாய்ப்பை இழக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எதைச் சொல்ல வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெளிவு இருக்கிறது. மூன்று ஆண்டுகள் அந்த மனிதர்களோடு வேலை பார்த்தவள் அவள், கையெழுத்தும் அவளுடையது. அனுப்புவதற்கு முன் வீட்டில் படித்துக்காட்டச் சொல்லாதீர்கள். பெரியப்பா கேட்டால், மடல் போய்விட்டது என்று வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் சொல்லிக்கொள்ளுங்கள்.