ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது எப்படி?

கேள்வி: திரைக்கதை எழுதத் தொடங்குகிறேன். காட்சித் தலைப்பு, செயல் வரிகளை எப்படி எழுதுவது? ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்கிறார்களே, ஏன்?

ஒரு சிறு காட்சியையே பார்ப்போம்.

உள். மருத்துவமனை வராந்தா – இரவு

மீனா கதவருகே நிற்கிறாள். கையில் சாவி.

உள்ளே விளக்கு அணைகிறது.

தலைப்பில் மூன்றே தகவல்கள்: உள்ளா வெளியா, எந்த இடம், எந்த நேரம். இடமோ நேரமோ மாறினால் புதுத் தலைப்பு. படப்பிடிப்புக்கு நாள் பிரிப்பவர்கள் இதை வைத்துத்தான் காட்சிகளைத் தொகுப்பார்கள்.

செயல் வரிகள் நிகழ்காலத்தில், கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை மட்டும் சொல்ல வேண்டும். ‘மீனா பழைய துரோகத்தை நினைத்து வருந்துகிறாள்’ என்றால் கேமரா எதைப் படமாக்கும்? சாவியை இறுகப் பற்றுகிறாள் என்று எழுதுங்கள்.

அப்புறம் அந்த நிமிடக் கணக்கு. ஆங்கிலத் திரைக்கதையை வழக்கமாக 12 புள்ளி கூரியர் எழுத்துருவில் தட்டச்சு செய்வார்கள். அதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். வசனம் நடுவில் ஒடுங்கி நிற்கும், நிறைய வெற்றிடம் இருக்கும். அதனால் பக்கத்துக்குப் பக்கம் அளவு பெரிதாக மாறாது. சராசரியில் ஒரு நிமிடம் வரும். தனித்தனிப் பக்கத்துக்கு இது பொருந்தாது. ‘இருவரும் சண்டையிடுகிறார்கள்’ என்ற ஒரே வரி திரையில் 3 நிமிடம் ஓடலாம். வேகமான வசனப் பக்கம் 40 நொடியில் முடியலாம். தமிழ் எழுத்துகளின் அகலம் வேறுபடுவதால், தமிழில் எழுதும்போது கணக்கு இன்னும் தளரும். சத்தமாக வாசித்து, கடிகாரம் வைத்துப் பாருங்கள்.