காலை ஸ்மூதி குடித்தும் பத்து மணிக்குக் கை நடுங்குவது ஏன்?

"ஹட்டனில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 34. காலை 6 மணி பஸ்ஸுக்கு முன் இரண்டு கதலி, ஒரு துண்டு பப்பாசி, ஐந்து பேரீச்சம்பழம், இரண்டு மேசைக்கரண்டி கித்துள் பாணி சேர்த்து அடித்துக் குடிக்கிறேன். பத்து மணிக்குள் கை நடுங்கிப் பசிக்கிறது. முடியும் கொட்டுகிறது. பாலும் பழமும் சேர்ந்தால் நஞ்சு என்று யூடியூப்பில் பார்த்ததால் பால் சேர்ப்பதில்லை. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழும்புகிறேன், தாகமும் அதிகம். அம்மாவுக்கு நீரிழிவு இருப்பதால் அவருடைய மெட்ஃபோர்மினில் பாதியை இரண்டு நாள் போட்டேன்."

அந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்து உங்கள் நோயைக் கண்டறிய உதவாது; பரிசோதனை முடிவைக் குழப்பவே கூடும்.

பத்து மணி நடுக்கம் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. என்னை யோசிக்க வைப்பது இரவில் மூன்று முறை எழும்புவதும் தாகமும்தான். மலையகத்தில் இதைக் குளிரின் மேலும் இரவுத் தேநீரின் மேலும் போட்டுவிடுவது வழக்கம். ஆனால் தாயாருக்கு நீரிழிவு இருக்கையில் அப்படி விட்டுவிட முடியாது. இந்த வாரமே அரச வைத்தியசாலைக்குச் சென்று, முந்தைய இரவிலிருந்து குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் உண்ணாமலும் அருந்தாமலும், இரத்தச் சீனியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு டெசிலீட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் வைத்தியர் இன்னொரு பரிசோதனையால் உறுதிசெய்வார். இதற்கிடையில் வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

நடுக்கத்துக்கு உங்கள் கோப்பையே போதிய காரணம். அதில் 15 தேக்கரண்டிக்கும் மேற்பட்ட சீனிக்குச் சமமான இனிப்பு இருக்கிறது, புரதமோ கொழுப்போ ஏறக்குறைய இல்லை. வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்த எதுவும் இல்லாததால் சீனி வேகமாக ஏறி, அதற்கு ஈடாக இன்சுலின் சுரந்து, சீனி இறங்கும்போது உடல் நடுங்கிப் பசிக்கிறது.

பாணியையும் பேரீச்சம்பழத்தையும் விட்டுவிட்டு ஒரு கதலியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மேசைக்கரண்டி ஓட்ஸை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அதனுடன் மூன்று மேசைக்கரண்டி பால்மா, ஒரு கைப்பிடி வறுத்த கச்சான், மூன்று மேசைக்கரண்டி சீனி சேராத தயிர் ஆகியவற்றைச் சேர்த்து அடித்தால், ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கும். அது ஒரு வேளைச் சாப்பாடு. கச்சான் ஒவ்வாதவர்கள் அதைத் தவிர்த்து, தயிரைக் கூட்டலாம். பச்சை முட்டையைச் சேர்க்காதீர்கள், கிருமித் தொற்று வரலாம். கலவை தண்ணீர்போல் ஓடினால் ஓட்ஸ் போதவில்லை என்று பொருள். கரண்டியில் சற்றே தங்கி நிற்க வேண்டும். பஸ்ஸுக்காக ஒரே மடக்கில் விழுங்காமல் பத்து நிமிடமாவது எடுத்துக் குடியுங்கள்.

பாலும் பழமும் சேர்ந்தால் நஞ்சு என்பது வெறும் கட்டுக்கதை. முடி கொட்டுவதற்குப் புரதக் குறைவும் இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம் என்பதால், இரத்தம் கொடுக்கும்போதே ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சீனி அளவு சாதாரணமாக இருந்து, இந்தக் கலவையை இரண்டு வாரம் குடித்த பின்பும் நடுக்கம் நீடித்தால், நடுங்கும் அந்த நேரத்திலேயே விரல் நுனியில் குத்திச் சீனியை அளந்து, அந்த எண்ணுடன் வைத்தியரிடம் செல்லுங்கள்.