மார்ச் வந்தா உங்க மீட்டிங் கால் ஏன் ஒரு மணி நேரம் நகருது, அதை மெயில்ல எப்படி எழுதணும்

வாசகர் கேள்வி: "சென்னை ஆபீஸ்ல இருக்கேன். நியூஜெர்சி மேனேஜர் போட்ட செவ்வாய்க்கிழமை கால் ராத்திரி 7.30க்கு இருந்துச்சு, மார்ச்ல தானா 6.30 ஆயிடுச்சு, எங்க டீம் ஹேண்டோவரோட மோதுது. பழைய டைமுக்கே மாத்துங்கன்னு கேட்டா நாங்க எதையும் மாத்தலயேங்கறார். லண்டன்ல இருக்கறவர் வேற சில வாரம் வேற நேரத்துக்கு வர்றார். இதை எப்படி எழுதி புரிய வைக்கறது?"

உங்க மேனேஜர் சொல்றது உண்மை, அவர் எதையும் மாத்தல. ரிப்பீட் ஆகற கால் எதுவா இருந்தாலும் கேலண்டருக்குள்ள அது ஏதோ ஒரு ஊரோட கடிகாரத்தைத்தான் பிடிச்சிட்டிருக்கும், பெரும்பாலும் இன்வைட் போட்டவரோட ஊர். உள்ள அது இப்படித்தான் சேவ் ஆகியிருக்கும்:

```
DTSTART;TZID=America/New_York:20260106T090000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=TU
```

அதாவது "செவ்வாய்தோறும் நியூயார்க்ல காலை 9 மணி". நியூஜெர்சிக்கும் நியூயார்க் கடிகாரம்தான். இந்தியாங்கற பேச்சே அதுல இல்ல. அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க, நவம்பர் முதல் ஞாயிறு திரும்ப பழையபடி வைப்பாங்க, 2007லேர்ந்து இதான் கணக்கு. நம்ம கடிகாரம் அசையாது, அதனால பத்தரை மணி நேர வித்தியாசம் ஒன்பதரையா சுருங்கிடும். அவருக்கு வருஷம் பூரா 9 மணி, உங்களுக்கு மட்டும் 7.30, 6.30னு ஆடும். இதே மீட்டிங்கை நீங்க சென்னை 7.30ன்னு போட்டிருந்தா தலைகீழா நடந்திருக்கும், அவருக்கு குளிர்காலத்துல 9, வெயில்காலத்துல 10, அப்ப அவர் உங்ககிட்ட கம்ப்ளைன்ட் பண்ணியிருப்பார்.

லண்டன்காரர் விஷயம் தனி. பிரிட்டனும் ஐரோப்பாவும் மாத்தறது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், ரெண்டு தடவையும் அமெரிக்கா தேதியோட பொருந்தாது. 2026ஐ எடுத்துக்குங்க, அமெரிக்கா மார்ச் 8, லண்டன் மார்ச் 29. நடுவுல வர்ற செவ்வாய் மார்ச் 10, 17, 24, இந்த மூணு கால் மட்டும் லண்டன்ல மதியம் 1 மணிக்கு விழும், 31லேர்ந்து வழக்கமான 2 மணிக்கே போயிடும். அதே மாதிரி லண்டன் அக்டோபர் 25லயே மாறிடும், அமெரிக்கா நவம்பர் 1 வரைக்கும் மாறாது, அதனால அக்டோபர் 27 கால் ஒண்ணு மட்டும் அவருக்கு மறுபடி 1 மணி. பாவம், அவர் கேலண்டரை பார்க்காம பழக்கத்துல 2 மணிக்கு வந்து நிக்கறார், அவ்வளவுதான்.

இப்ப எழுதற விஷயத்துக்கு வருவோம், உங்க மெயில்ல சிக்கல் "பழைய டைம்"ங்கறதுலதான். உங்களுக்கு அது 7.30, அவருக்கு பழசும் 9 புதுசும் 9, அதனால நீங்க என்ன கேக்கறீங்கன்னே அவருக்கு விளங்காது. "ஒரு மணி நேரம் முன்னாடி வந்துடுச்சு", "தள்ளி வைங்க", ப்ரீபோன், இது எல்லாத்தையும் விட்டுடுங்க. ப்ரீபோன் அங்க பல பேருக்கு புரியாது, முன்னாடி தள்ளறதுன்னா சீக்கிரமா லேட்டான்னு ஆளுக்கு ஆள் வேற மாதிரி எடுத்துப்பாங்க. எழுத வேண்டியது தேதி, ஊர் பேர், அந்த ஊர் கடிகாரத்துல என்ன மணி, இந்த மூணுதான். இங்கிலீஷ்ல நீங்க எழுதற மெயிலோட சாரம் இப்படி இருக்கட்டும்: "மார்ச் 10 செவ்வாயிலேர்ந்து நம்ம கால் சென்னையில மாலை 6.30. நியூயார்க்ல எப்பவும் போல காலை 9. லண்டன்ல மார்ச் 10, 17, 24 மட்டும் மதியம் 1, மார்ச் 31லேர்ந்து மறுபடி 2. அமெரிக்காவுல கடிகாரம் மாறறதாலதான் இது, யாரும் இன்வைட்டை மாத்த வேண்டாம்." மாத்தற ஞாயிறுக்கு முந்தின வாரம் அனுப்புங்க, ஞாயிறு ராத்திரி அனுப்பினா திங்கள் காலையில ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்க.

ஊர் பேரையே ஏன் எழுதச் சொல்றேன்னா, ஈஎஸ்டின்னு எழுதறது குளிர்கால நேரத்தை மட்டும்தான் குறிக்கும், வெயில்காலத்துல அது ஈடிடி. ஜூலையில பழக்கதோஷத்துல "9 மணி ஈஎஸ்டி"ன்னு ஒருத்தர் எழுத, நீங்க அதை அப்படியே கன்வெர்ட்டர்ல போட்டா 7.30 காட்டும், கால் நடக்கறது 6.30க்கு. ஐஎஸ்டியும் அப்படித்தான், அயர்லாந்து, இஸ்ரேல்காரங்களும் அதே மூணு எழுத்தைத்தான் போடறாங்க. சென்னை நேரம், நியூயார்க் நேரம்னு எழுதினா எந்த மாசத்துலயும் தப்பு வராது.

மெயில் அனுப்பியும் 6.30 ஒத்துவரலன்னா அப்ப நேரத்தை மாத்தித்தான் ஆகணும், ஆனா சீரிஸை அப்படியே இழுத்துப் போடச் சொல்லிடாதீங்க. பல டீம்ல நடக்கறது இதுதான்: மார்ச்ல இந்தியாவுக்காக மொத்த சீரிஸையும் நியூயார்க் 10க்கு மாத்திடுவாங்க, சென்னைக்கு 7.30 வந்துடும், எல்லாருக்கும் சந்தோஷம். நவம்பர் 3 வந்ததும் அதே 10 மணி உங்களுக்கு ராத்திரி 8.30ஆ வந்து நிக்கும், மார்ச்ல என்ன பண்ணோம்னு அப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அதனால கேக்கும்போதே முடிவு தேதியோட கேளுங்க. ஹேண்டோவர் அரை மணி நேரம்னா உங்களுக்கு 7 மணி போதும், அது வெயில்காலத்துல நியூயார்க் 9.30. எழுத வேண்டியது: "சென்னையில மாலை 6.30லேர்ந்து 7 வரைக்கும் எங்களுக்கு ஹேண்டோவர் இருக்கு, அதை நகர்த்த முடியாது. மார்ச் 10லேர்ந்து அக்டோபர் 27 வரைக்கும் இந்த மீட்டிங்கை நியூயார்க் காலை 9.30க்கு வைக்க முடியுமா? நவம்பர் 3லேர்ந்து திரும்ப 9." எந்த நேரம் ஏன் முடியாதுங்கற காரணம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் உங்க ஊர் மணியில, போதும். அவர் கேலண்டர்ல மார்ச் 10 மீட்டிங்கைத் திறந்து, இதுவும் இதுக்கு அப்புறம் வர்றதும்னு தேர்ந்தெடுத்து 9.30 ஆக்கி, கடைசி தேதி அக்டோபர் 27ன்னு போட்டு, நவம்பர் 3லேர்ந்து புது சீரிஸ் ஒண்ணு 9 மணிக்கு போடணும். லண்டன்காரருக்கும் அந்த எட்டு மாசம் அரை மணி நேரம் நகரும், மேல சொன்ன நாலு செவ்வாய் 1.30, மத்ததெல்லாம் 2.30, அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

டீம்ல ஃபீனிக்ஸ்காரங்க யாராவது இருந்தா அவங்களையும் அந்த மெயில்ல தனியா எழுதுங்க. அவங்க இருக்கற அரிசோனாவுல நவஹோ பழங்குடிப் பகுதி தவிர கடிகாரத்தை மாத்தறதே இல்ல, நமக்கும் அவங்களுக்கும் வருஷம் பூரா பன்னிரண்டரை மணி நேரம்தான், அதனால நியூயார்க்ல மாறின அன்னிக்கு அவங்களும் உங்களை மாதிரியே ஒரு மணி நேரம் சீக்கிரம் உக்காரணும். உங்க தரப்புல எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க, கேலண்டர்ல மார்ச் 3, மார்ச் 10, அக்டோபர் 27, நவம்பர் 3 இந்த நாலு தேதியையும் திறந்து 7.30, 7, 7, 7.30ன்னு காட்டுதான்னு பாருங்க. அதுல நவம்பர் 3 மட்டும் 8 மணின்னு காட்டினா 9.30 சீரிஸுக்கு முடிவு தேதி போடாம விட்டிருக்காங்கன்னு அர்த்தம்.