ஆஃபர் லெட்டரில் கையெழுத்துக்கு முன் ஒரு மெயில்

ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. சிடிசி 9,60,000, அதில் 1,80,000 வேரியபிள். மீதியில் பேசிக் மாதம் 32,500. ப்ரொபேஷன் ஆறு மாதம், "தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும்" என்று இருக்கிறது. நோட்டீஸ் பீரியட் 90 நாள். நவம்பர் 1 சேர வேண்டும்; ஐந்து நாளில் அக்செப்ட் பண்ணச் சொல்கிறார்கள். போனில் கேட்டால், "எல்லாம் ஸ்டாண்டர்டுதான் மேடம்" என்கிறார் எச்.ஆர். மெயிலில் கேட்டால் ஆஃபரையே ரத்து செய்துவிடுவார்களோ என்று பயம். எப்படிக் கேட்பது?
— வாசகி, பெரும்பாக்கம்

உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி, நீங்கள் சம்மதம் சொல்லும் வரை கம்பெனி தன் ஆஃபரைத் திரும்பப் பெறலாம். ஆனால் விளக்கம் கேட்பதால் மட்டும் ஆஃபர் செத்துவிடாது. அதைச் சாகடிப்பது நிபந்தனை போட்டுச் சம்மதிப்பதுதான். "நோட்டீஸை 30 நாளாக்கினால் சேர்கிறேன்" என்று எழுதினால், சட்டத்தின் பார்வையில் அது சம்மதமே இல்லை. அவர்களுடைய ஆஃபரைத் தள்ளிவிட்டு நீங்கள் ஒரு புது ஆஃபர் வைக்கிறீர்கள் என்றுதான் பொருள். அவர்கள் மறுத்த பிறகு பழைய ஆஃபரை ஏற்கிறேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்காது. "90 நாள் என்பதை இப்படிப் புரிந்துகொள்கிறேன், சரிதானா?" என்று கேட்பதோ வெறும் விசாரணை. ஆஃபர் அப்படியே நிற்கும். ஆகவே மெயில் முழுக்க "சரிதானா" என்ற தொனியிலேயே இருக்கட்டும். "இருந்தால்தான்" என்ற சொல் எங்கும் வரக் கூடாது.

ஐந்து நாள் கெடு முடிந்தால் ஆஃபர் தானாகவே காலாவதியாகும். மெயில் அனுப்பியதால் கெடு நீளாது. அதே மெயிலில் இரண்டு வேலை நாள் கூடுதல் அவகாசம் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் பழைய தேதியே கணக்கு.

என்ன கேட்பது என்பதில், உங்களுக்குப் பணம் அதிகம் போகக்கூடிய இடம் வேரியபிள். பல கம்பெனிகளில் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, பணம் கைக்கு வருவது ஜூன் வாக்கில். நவம்பர் 1 சேர்ந்தால் முதல் ஆண்டில் ஐந்து மாதம்தான். மாத விகிதப்படி தந்தால் அதிகபட்சம் 75,000. ஆனால் ஆறு மாதம் முடிக்காதவருக்கு அந்த ஆண்டு வேரியபிள் கிடையாது என்று பாலிசி இருந்தால் ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டில் இதைவிட மோசமான ஒன்று காத்திருக்கலாம். "பணம் தரும் நாளில் நோட்டீஸில் இருக்கக் கூடாது" என்ற நிபந்தனை பாலிசியில் அடிக்கடி வரும். பன்னிரண்டு மாதமும் உழைத்து முடித்து ஏப்ரல் 15 ராஜினாமா செய்கிறீர்கள் என்று வையுங்கள். 90 நாள் நோட்டீஸ் ஜூலை நடுவரை ஓடும். ஜூனில் நீங்கள் ஊழியர்தான், ஆனால் நோட்டீஸில் இருப்பவர். முழு 1,80,000-உம் போகும். ஏற்றுக் கையெழுத்திட்ட நிபந்தனையைப் பிறகு கோர்ட்டில் உடைப்பது கடினம். அதனால்தான் பாலிசியின் பிரதியையே இப்போது கேட்க வேண்டும்.

நோட்டீஸில் கேட்க வேண்டியது, 90 நாளுக்குப் பதில் பணம் கட்டி வெளியேறலாமா என்பதும், எந்தச் சம்பளத்தின் மேல் கணக்கு என்பதும். உங்கள் பேசிக்கின் மேல் என்றால் மூன்று மாதத்துக்கு 97,500. மாத மொத்தச் சம்பளம் 65,000-இன் மேல் என்றால் 1,95,000. "நோட்டீஸுக்குப் பதில் சம்பளம்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் கணக்கு முடிக்கும்போது அவர்கள் எடுப்பது பெரும்பாலும் பெரிய தொகைதான். கம்பெனி உங்களை அனுப்பினாலும் அதே 90 நாள் தருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஊழியருக்கு 90, கம்பெனிக்கு 30 என்று எழுதப்பட்ட லெட்டர்கள் சென்னையில் நிறைய உண்டு.

ப்ரொபேஷனில் சிக்கல், நீட்டிப்புக்கு எல்லை சொல்லாததுதான். ஆறு மாதம் முடிந்ததும் தானாக நிரந்தரம் ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உறுதிசெய்து கடிதம் தர வேண்டும் என்று லெட்டரில் இருந்தால், அது வரும் வரை ப்ரொபேஷன் தொடர்வதாகவே பொதுவாகக் கொள்ளப்படும். எனவே, எத்தனை முறை, அதிகபட்சம் எத்தனை மாதம் நீட்டிப்பார்கள், நீட்டித்தால் எழுத்தில் சொல்வார்களா என்று கேளுங்கள். ஒரு பாதுகாப்பு மட்டும் லெட்டரில் எழுதாமலே உங்களுக்கு உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. விசாரணையில் நிரூபணமான ஒழுங்கீனத்துக்கு இந்த நோட்டீஸ் தேவையில்லை. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

மெயிலை ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். பொருள் இப்படி இருக்கட்டும்:

"ஆஃபருக்கு நன்றி. சேர ஆர்வமாக இருக்கிறேன். சம்மதம் தெரிவிக்கும் முன் மூன்று விஷயங்களில் என் புரிதல் சரியா என்று உறுதிசெய்ய வேண்டுகிறேன்.

ப்ரொபேஷன் ஒரு முறை மட்டும், அதிகபட்சம் மூன்று மாதம், எழுத்து மூலம் நீட்டிக்கப்படும் என்று புரிந்துகொள்கிறேன்.

90 நாள் நோட்டீஸ் இரு தரப்புக்கும் பொருந்தும் என்றும், பாக்கி நாட்களுக்குப் பேசிக் சம்பளத்தைக் கட்டி விடுபடலாம் என்றும் புரிந்துகொள்கிறேன்.

நவம்பரில் சேர்வதால் இந்த நிதியாண்டின் வேரியபிள் ஐந்து மாத விகிதத்தில் கிடைக்கும் என்று புரிந்துகொள்கிறேன். வேரியபிள் பாலிசியின் பிரதியை அனுப்ப வேண்டுகிறேன்.

இவற்றில் மாறுபாடு இருந்தால் தெரிவியுங்கள். பதிலைப் பார்த்து முடிவு சொல்ல, கெடு தேதியிலிருந்து இரண்டு வேலை நாள் அவகாசம் கேட்டுக்கொள்கிறேன்."

"நோட்டீஸ் எப்படி?" என்று திறந்த கேள்வி கேட்டால், "கம்பெனி பாலிசிப்படி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உங்கள் புரிதலை எழுதி வைத்தால் அவர்கள் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். "பாலிசிப்படி" என்று வந்தால் அது பதில் அல்ல. அந்தப் பாலிசியை இணைத்து அனுப்பச் சொல்லி ஒரே ஒரு முறை திரும்பக் கேளுங்கள். போனில் விளக்கினால், அன்றே "இன்று தாங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று மெயிலில் எழுதி, அதை உறுதிசெய்யச் சொல்லுங்கள். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு முரணாக வாய்ப்பேச்சைச் சாட்சியமாகக் காட்ட, சில விதிவிலக்குகள் தவிர, சாட்சியச் சட்டம் இடம் தராது.

நல்ல பதில் வந்தாலும் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான லெட்டர்களின் கடைசிப் பக்கத்தில் "இதற்கு முன் நடந்த எல்லாப் பேச்சுக்கும் பதிலாக இந்தக் கடிதமே முழு ஒப்பந்தம்" என்ற வரி இருக்கும். அது இருந்தால் எச்.ஆர். மெயிலின் பலம் குறையும். பதிலில் உள்ளதைச் சேர்த்துத் திருத்திய லெட்டர் கேளுங்கள். தராவிட்டால், சம்மத மெயிலில் "இன்ன தேதியிட்ட தங்கள் விளக்கத்துடன் சேர்த்து ஏற்கிறேன்" என்று எழுதி அந்த மெயிலையும் இணையுங்கள். அவர்கள் ஏற்கெனவே எழுத்தில் ஒப்புக்கொண்டதை மட்டும் குறிப்பதால், இது புது நிபந்தனை ஆகாது. சேரும் நாளில் தரும் அப்பாயின்ட்மென்ட் லெட்டரிலும் இதே வரி வரலாம். அன்று அவசரப்படுத்தினாலும் அதில் ப்ரொபேஷன், நோட்டீஸ், வேரியபிள் பற்றிய பத்திகளைப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

இப்போதைய வேலையில் ராஜினாமாவை, திருத்திய லெட்டரோ உறுதி மெயிலோ கைக்கு வந்த பிறகே கொடுங்கள். இந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதும் உங்கள் சொந்த மெயில் ஐடியிலேயே நடக்கட்டும். வேலையை விட்ட நாளில் ஆபீஸ் மெயில் மூடப்படும். உங்களுக்கு இந்தப் பதில்கள் தேவைப்படுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.