பிளேட்லெட் 9,000... ஆனால் மருந்து வேண்டாமா?

"என் மகளுக்கு 4 வயது. இரண்டு வாரத்துக்கு முன்பு சளி, காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. இப்போது கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், முழங்காலில் நீலத் திட்டுகள். பிளேட்லெட் 9,000தான். ஐ.டி.பி. என்று சொன்ன டாக்டர், மருந்து எதுவும் தராமல் 'கவனித்துப் பார்ப்போம்' என்கிறார். பிளேட்லெட் ஏற்ற வேண்டாமா? பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா?"

பயந்துபோயிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் குழந்தைக்குத் தோலில் மட்டும்தான் புள்ளிகள், வாயிலோ மூக்கிலோ ரத்தம் இல்லை என்றால், உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரியான வைத்தியம். ஐ.டி.பி. என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே சொந்தப் பிளேட்லெட்டை அழித்துவிடும் நோய். குழந்தைகளுக்கு இது வந்தால் எண்ணிக்கையைப் பார்த்து மருந்து தருவதில்லை. ரத்தக்கசிவைப் பார்த்துத்தான் தருகிறோம்.

காரணம் இதுதான். வைரஸ் காய்ச்சலின்போது உடல் கிருமிக்கு எதிராக எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. சில குழந்தைகளுக்கு அவற்றில் ஒரு பகுதி தவறிப்போய், சொந்தப் பிளேட்லெட்டின் மேலுறையில் உள்ள புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. அப்படி முத்திரை விழுந்த பிளேட்லெட்டை மண்ணீரலில் உள்ள விழுங்கணுக்கள் அந்நியன் என்று நினைத்து விழுங்கிவிடும். வழக்கமாக ஒரு வாரம், பத்து நாள் வாழவேண்டிய பிளேட்லெட், சில மணி நேரத்திலேயே காணாமல்போகும்.

இதைத் தன் உடம்பிலேயே சோதித்துக் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாரிங்டன். 1950இல் ஐ.டி.பி. நோயாளியின் ரத்தத்தில் அரை லிட்டரைத் தனக்கு ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட்டும் அடிமட்டத்துக்குப் போனது. அடுத்தவரின் நல்ல பிளேட்லெட்டையும் அழிக்கும் பொருள் ரத்தத்திலேயே இருக்கிறது என்பது அன்று உறுதியானது. பிளேட்லெட் ஏற்றினால் ஏன் நிற்காது என்பதற்கும் இதுவே பதில். ஏற்றுகிற பிளேட்லெட்டுக்கும் அதே கதிதான். உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கில் மட்டும் மற்ற மருந்துகளோடு சேர்த்து ஏற்றுவோம். பப்பாளி இலைச்சாறு இந்த அழிவை நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. அதன் கசப்பில் குழந்தை வாந்தி எடுப்பதுதான் மிச்சம், வேண்டாம்.

9,000 இருந்தும் குழந்தை ஓடி விளையாடுவது எப்படி என்று கேட்பீர்கள். பழையவை அழிய அழிய எலும்பு மஜ்ஜை புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவை இளசாக, பெரிதாக, துடிப்பாக இருப்பதால் குறைந்த எண்ணிக்கையே ஓரளவு தாங்கிவிடுகிறது.

நான் பார்த்த ஒரு 5 வயதுப் பையனுக்கு முதல் நாள் எண்ணிக்கை 8,000. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் சோதனை செய்தோம். சிவப்பணு, வெள்ளையணு இரண்டும் சரியாக இருந்தன. இருந்த ஒன்றிரண்டு பிளேட்லெட்டுகள் பெரிதாக இருந்தன. கல்லீரல், மண்ணீரல், நெறிக்கட்டு எதிலும் வீக்கமில்லை. ஆகவே ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கான அடையாளம் இல்லை என்று முடிவுசெய்து, மருந்தில்லாமல் அனுப்பினோம். ஐந்தாம் நாள் மூக்கிலிருந்து அரை மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை; வாய்க்குள் ரத்தக் கொப்புளமும் வந்தது. அப்போதுதான் ஸ்டீராய்டு ஆரம்பித்து ஐந்தே நாளில் நிறுத்தினோம். மூன்றாம் வாரம் 45,000. இரண்டாம் மாத முடிவில் 2 லட்சம். ரத்தப் புற்றுநோய் இல்லை என்று முதலில் தெரியவேண்டும் என்பதால்தான், ஸ்மியர் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுப்பது தவறு என்று வற்புறுத்துவேன். புற்றுநோய் இருந்தால் அது தற்காலிகமாக அமுங்கி, கண்டுபிடிப்பது தாமதமாகும். ஸ்டீராய்டு போதாதபோதோ, எண்ணிக்கையை உடனே ஏற்றவேண்டியபோதோ நரம்பு வழியாக இம்யூனோகுளோபுலின் தருவோம். மண்ணீரலின் விழுங்கணுக்களை அது சில நாள் தடுத்துவைக்கும், விலைதான் அதிகம்.

ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. ஒரு வருடம் தாண்டியும் நீடித்து, ரத்தக்கசிவும் தொந்தரவு செய்தால் எல்ட்ராம்போபாக் போன்ற, மஜ்ஜையைத் தூண்டும் மருந்துகள் இருக்கின்றன. மண்ணீரலை அகற்றுவது கடைசி வழி. (பெரியவர்கள் விஷயம் வேறு. எண்ணிக்கை 30,000க்குக் கீழே போனால் பெரும்பாலும் ஸ்டீராய்டு தருகிறோம். தானாகக் குணமாவதும் குறைவு.)

குழந்தைக்குச் சரியாகும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் கூடாது. தசையில் ஊசியும் கூடாது. சைக்கிள், உயரத்தில் ஏறுவது இரண்டையும் நிறுத்திவையுங்கள். தினமும் எண்ணிக்கை பார்க்கக் குழந்தையைக் குத்தவேண்டாம். டாக்டர் சொன்ன நாளில் போதும். அதற்குப் பதில் தினமும் இரவில் டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். உள்கன்னத்தில் கருஞ்சிவப்புக் கொப்புளம், 20 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், கறுப்பு மலம், சிவப்புச் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தலையில் அடிபட்டாலோ, கடும் தலைவலியோடு வாந்தி எடுத்தாலோ, குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.