கருத்துப் பத்தியைத் தாண்டி: தணிக்கை அறிக்கை பற்றி வாசகர் கேள்விகள்

பங்கு வாங்கிய கம்பெனியின் தணிக்கை அறிக்கையில் ஆடிட்டரின் கருத்து சுத்தமாக இருக்கிறது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே ‘கீ ஆடிட் மேட்டர்ஸ்’ என்று போட்டு, வரவேண்டிய பாக்கியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

அது இருப்பதாலேயே பயப்பட வேண்டாம். இந்தியாவில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கு 2018 ஏப்ரல் 1 அன்றோ அதன் பிறகோ தொடங்கும் ஆண்டுகளிலிருந்து, தணிக்கைத் தரநிலை 701-இன்படி இந்தப் பகுதி வருகிறது. ஆடிட்டர் தணிக்கைக் குழுவோடும் இயக்குநர் குழுவோடும் பேசிய விஷயங்களில், அந்த ஆண்டுத் தணிக்கையில் மிக முக்கியமாக நின்றவற்றை இங்கே எழுதுகிறார். அது ஏன் முக்கியம், அதற்காக என்ன வேலை செய்தார், கணக்கில் எந்தக் குறிப்பில் பார்க்கலாம் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு இனத்துக்கு அவர் தனியாகச் சான்று தருவதில்லை. ‘பார்த்தேன், சரியாக இருந்தது’ என்ற முடிவும் பெரும்பாலும் இருக்காது.

இந்தப் பகுதியின் பெரும்பயன் அந்தக் குறிப்பு எண்தான். கணக்கில் எந்த எண் நிர்வாகத்தின் மதிப்பீட்டில் நிற்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. உங்கள் கேள்வியில் உள்ள பாக்கியையே ஒரு கற்பனைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். போன ஆண்டு பாக்கி 300 கோடி, வாராக்கடன் ஒதுக்கீடு 18 கோடி. அதாவது 6 சதவீதம். இந்த ஆண்டு பாக்கி 420 கோடி, ஒதுக்கீடு 17 கோடி. சுமார் 4 சதவீதம். விற்பனை 10 சதவீதம்தான் கூடியிருக்கிறது, பாக்கியோ 40 சதவீதம் ஏறிவிட்டது. குறிப்பில் உள்ள வயதுவாரி அட்டவணையைத் திறந்தால், ஓராண்டுக்கு மேல் வராமல் கிடக்கும் தொகை 40 கோடியிலிருந்து 95 கோடி ஆகியிருக்கிறது.

பாக்கிக்கு வயதாகும்போது ஒதுக்கீட்டு விகிதம் ஏற வேண்டும், இங்கே இறங்கியிருக்கிறது. பழைய 6 சதவீதத்தையே வைத்திருந்தால் ஒதுக்கீடு 25.2 கோடி வந்திருக்கும், வித்தியாசம் 8.2 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 50 கோடி என்றால், அதில் ஆறில் ஒரு பங்கு இந்த ஒரு மதிப்பீட்டில் தொங்குகிறது. நிர்வாகத்திடம் நல்ல விளக்கம் இருக்கலாம்: பழைய பாக்கி அரசுத் துறையினுடையது, மெதுவாக வந்தாலும் வந்துவிடும் என்பதுபோல. அந்த விளக்கம் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பங்குதாரர் கூட்டத்தில் கேட்பதற்குத் தயாரான கேள்வி அது.

ஒரே பத்தியை வருடா வருடம் காப்பி அடிப்பதுபோல் தெரிகிறது. படித்து என்ன பிரயோஜனம்?

பாதி உண்மை. ‘உள்கட்டுப்பாடுகளைப் பரிசோதித்தோம், மாதிரி எடுத்துச் சரிபார்த்தோம்’ போன்ற வரிகளில் ஒன்றும் கிடைக்காது. அதனால் ஒரு ஆண்டை மட்டும் படிக்காமல், இரண்டு ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். புதிதாக ஒரு விஷயம் சேர்ந்திருக்கிறதா? வெளி மதிப்பீட்டாளரின் உதவியைப் பெற்றோம் என்று புதிய வரி வந்திருக்கிறதா? போன ஆண்டு இருந்தது காணாமல் போய்விட்டதா? காணாமல் போனதைத்தான் நான் முதலில் தேடுவேன். சர்ச்சைக்குரிய பாக்கி வசூலாகியோ தள்ளுபடியாகியோ போயிருந்தால் அது பட்டியலிலிருந்து விலகுவது நியாயம். தொகை அப்படியே கிடக்க, விஷயம் மட்டும் மறைந்தால் காரணம் தேட வேண்டும். அதே ஆண்டில் ஆடிட்டரும் மாறியிருந்தால் இன்னும் கவனமாக.

பிரிட்டனின் கட்டுமான நிறுவனமான கேரிலியன் இதற்கு நல்ல பாடம். 2016-ஆம் ஆண்டுக் கணக்குக்குச் சுத்தமான கருத்துதான் கிடைத்தது. ஆனால் அதே அறிக்கையில் ஆடிட்டர் சுட்டிய முக்கிய இடங்களில் ஒப்பந்த வருமானமும் நற்பெயர் மதிப்பும் இருந்தன. 2017 ஜூலையில் ஒப்பந்தங்களுக்காக 84.5 கோடி பவுண்டு ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் கம்பெனி கலைப்புக்குப் போனது. அதன் தணிக்கைக் குறைபாடுகளுக்காக, ஆடிட்டராக இருந்த கேபிஎம்ஜி-க்கு 2023-இல் சுமார் 2.1 கோடி பவுண்டு அபராதம். இடத்தை அறிக்கை சரியாகவே காட்டியது; அங்கே செய்ததாகச் சொன்ன வேலை போதுமானதாக இருந்ததா என்பது வாசகருக்குத் தெரிய வழியில்லை. இந்தப் பகுதியின் எல்லை அதுதான்.

‘எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்’ என்பதும் ‘குவாலிஃபைட்’ என்பதும் ஒன்றா?

இல்லை. முதலாவதில், குறிப்பில் சரியாகவே சொல்லப்பட்ட ஒன்றை ஆடிட்டர் விரல் நீட்டிக் காட்டுகிறார்: பெரிய வழக்கு, தீ விபத்து போன்றவை. கடைசியில், இதனால் தன் கருத்து மாறவில்லை என்ற வரி கட்டாயம் இருக்கும். இரண்டாவதில் கருத்தே மாறுகிறது. ‘எக்செப்ட் ஃபார்’ என்ற சொற்களைத் தேடுங்கள். காரணமும், கணக்கிட முடிந்தால் லாபத்தில் எவ்வளவு பாதிப்பு என்பதும் அடுத்த பத்தியில் இருக்கும். அந்தத் தொகையை லாபத்திலிருந்து நீங்களே கழித்துப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் பலர் தவறவிடும் தலைப்பு, ‘தொடர்ந்து இயங்குவது குறித்த கணிசமான நிச்சயமின்மை’. கருத்து மாறாமலேயே இது வரலாம். கம்பெனி அடுத்த ஆண்டு இருக்குமா என்ற சந்தேகம் முக்கிய விஷயங்களின் பட்டியலுக்குள் புதைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதற்குத் தனித் தலைப்பு. கண்ணில் பட்டால் மற்ற எதையும்விட முதலில் அதைப் படியுங்கள்.

காரோ இணைப்பில் 21 பிரிவுகள். நேரம் இல்லாதவன் எதைப் படிப்பது?

ஆடிட்டர் எந்தெந்த விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று பட்டியலிடும் அரசு ஆணைதான் காரோ. அதில் மூன்று பிரிவுகள் போதும். பிரிவு 2-இன் ‘ஆ’ உட்பிரிவு: நடப்புச் சொத்துகளை அடமானம் வைத்து 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதன வரம்பு பெற்ற கம்பெனி, காலாண்டுதோறும் வங்கிக்குக் கொடுத்த பட்டியல் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று இங்கே வரும். சரக்கிருப்பை வங்கியிடம் கூட்டிக் காட்டியிருந்தால் வித்தியாசம் இங்கே ரூபாயில் நிற்கும். சில லட்சம் என்றால் காலாண்டு முடிவுப் பதிவுகள் தாமதமானதாக இருக்கலாம். நாலு காலாண்டும் ஒரே திசையில், கோடிகளில் என்றால் அது தாமதமில்லை.

பிரிவு 7: வருங்கால வைப்பு நிதி, ஜிஎஸ்டி, வரிப் பிடித்தம் போன்றவற்றில் தகராறு இல்லாத பாக்கி ஆறு மாதத்துக்கு மேல் கிடந்தால் இங்கே தெரியும். தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாத கம்பெனிக்குக் கையில் ரொக்கம் இல்லை என்று அர்த்தம். லாபநஷ்டக் கணக்கு என்ன சொன்னாலும் சரி. பிரிவு 9: கடன் தவணை தவறியதா, குறுகிய காலக் கடனை நீண்ட காலச் செலவுக்குத் திருப்பினார்களா என்பது.

ஒருங்கிணைந்த கணக்கின் அறிக்கையில் ‘அதர் மேட்டர்ஸ்’ பத்தியில் துணை நிறுவனங்களை வேறு ஆடிட்டர்கள் பார்த்ததாக இருக்கிறது. முக்கியமா?

எண்களைப் பொறுத்தது. அந்தப் பத்தியில் அவற்றின் மொத்தச் சொத்தும் வருமானமும் கோடிகளில் இருக்கும். குழும வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். 3 சதவீதம் என்றால் விட்டுவிடலாம். 45 சதவீதம் என்றால், குழுமத்தின் கிட்டத்தட்டப் பாதியைப் பிரதான ஆடிட்டர் மற்றவர் அறிக்கையை நம்பித்தான் ஏற்றிருக்கிறார். அதே பத்தியில் சில துணை நிறுவனங்களின் கணக்கு தணிக்கை ஆகாதது, நிர்வாகம் கொடுத்தது என்றும் இருக்கலாம். அந்தத் தொகையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிரைவேட் லிமிடெட் அறிக்கையில் கீ ஆடிட் மேட்டர்ஸ் பகுதியே இல்லை. ஆடிட்டர் விட்டுவிட்டாரா?

இல்லை. பட்டியலிடப்படாத கம்பெனிக்கு அது பொதுவாகக் கட்டாயமில்லை. பட்டியலிட்ட கம்பெனியிலும், கருத்துச் சொல்லவே இயலவில்லை என்று ஆடிட்டர் கைவிரிக்கும்போது அந்தப் பகுதி வரக் கூடாது.