சின்னக் கடனா, பெரிய வட்டியா: எதை முதலில் அடைப்பது?

"சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். கிரெடிட் கார்டு பாக்கி 80,000 ரூபாய், மாத வட்டி 3.5 சதவீதம். ஃபைனான்ஸ் கம்பெனிக் கடன் 20,000, வருட வட்டி 24 சதவீதம், மாதம் 2,230 வீதம் இன்னும் 10 தவணை. வட்டியில்லாத ஃப்ரிட்ஜ் தவணை 1,500 வீதம் 6 மாதம். கடனுக்கென்று மாதம் 12,000 ஒதுக்குவேன். ஆர்டர் குறைந்தால் 9,000தான் முடியும். சின்னதை முதலில் முடி என்கிறார் மச்சான். பெரிய வட்டியை முதலில் அடை என்கிறார் நண்பர். எல்லாவற்றையும் ஒரே லோனாக்கித் தருவதாக வங்கியிலிருந்து போன் வருகிறது. என்ன செய்யட்டும்?"
— வாசகர், சேலம்

முதலில் கார்டின் உண்மையான வட்டியைப் பார்ப்போம். மற்ற கடன்களின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கார்டு வட்டிக்கு மட்டும் 18 சதவீதம் உண்டு. அதையும் சேர்த்தால் உங்கள் 3.5 சதவீதம் 4.13 ஆகிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நாலு வட்டிக்கும் மேல். முதல் மாதம் மட்டும் 3,304 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் கீழே போட்டிருக்கும் கணக்கு எல்லாமே, இன்று முதல் கார்டைத் தேய்ப்பதில்லை என்ற அடிப்படையில்தான்.

நண்பர் வழியில் இரண்டு தவணைகளையும் வழக்கம்போலக் கட்டிவிட்டு, மீதி 8,270 ரூபாயைக் கார்டில் போடுகிறீர்கள். தவணைகள் முடிய முடிய அந்தப் பணமும் கார்டுக்குப் போகும். பன்னிரண்டாவது மாதம் எல்லாம் தீர்கிறது. மொத்த வட்டி சுமார் 25,300.

மச்சான் வழியில் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையாக மாதம் 4,200 கட்டி, மீதியை ஃப்ரிட்ஜுக்கும் பிறகு ஃபைனான்ஸ் கடனுக்கும் திருப்புகிறீர்கள். நாலாவது மாதம் இரண்டும் முடிந்து, முழுப்பணமும் கார்டுக்கு வரும். இதுவும் அதே பன்னிரண்டாவது மாதம்தான் தீர்கிறது. வட்டி சுமார் 27,800. ஃபைனான்ஸ் கம்பெனி முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் கேட்டால் அது தனி.

ஆக, இருவரும் வாதாடுவது ஏறக்குறைய 2,500 ரூபாய்க்காக. கணக்கில் நண்பர் சொல்வதே சரி. ஆனால் மச்சான் பேச்சையும் தள்ளிவிட முடியாது. ஐந்தாவது மாதம் ஆர்டர் படுத்துவிட்டால், அவர் வழியில் கட்டாயம் கட்ட வேண்டியது கார்டின் குறைந்தபட்சத் தொகை மட்டும், சுமார் 3,900. நண்பர் வழியில் இரண்டு தவணையும் கார்டும் சேர்ந்து சுமார் 6,800 கட்டாயம். வெள்ளி விலை ஏறி ஆர்டர் நிற்கும் மாதங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் இந்த 2,900 ரூபாய் வித்தியாசம் பெரிது.

ஆனால் எந்த வரிசையில் அடைத்தாலும் நாலு வட்டி நாலு வட்டியாகவே இருக்கிறது. வட்டியையே இறக்க வழி இருக்கும்போது, வரிசையைப் பற்றிய யோசனை இரண்டாவதுதான்.

வங்கி சொல்லும் லோன் வருடத்துக்கு 16 சதவீதத்தில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒன்றேகால் வட்டியும் சொச்சமும். இதில் கார்டு பாக்கியை மட்டும் மாற்றுங்கள். ஃப்ரிட்ஜைச் சேர்த்தால், வட்டியில்லாத பணத்துக்கு நீங்களாகப் போய் வட்டி கட்டுவதாகும். ஃபைனான்ஸ் கடனுக்கு இனி வரப்போகும் வட்டியே 2,300 சொச்சம்தான். மாற்றினால் மிஞ்சும் சில நூறு ரூபாயை முன்முடிப்புக் கட்டணம் விழுங்கிவிடும். "மொத்தத்தையும் ஒன்றாக்கித் தருகிறோம்" என்று அவர்கள் சொல்வது கடன் தொகையைப் பெரிதாக்கத்தான்.

80,000 ரூபாயை 12 மாதத்தில் கட்டினால் தவணை 7,260. வட்டி 7,100 ஆகும். செயலாக்கக் கட்டணம் 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்த்து சுமார் 1,900. மொத்தச் செலவு 9,000. நண்பர் வழியில் கார்டுக்கு மட்டும் போகும் வட்டி 23,000. மிச்சம் 14,000 ரூபாய்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். போனில் பேசுகிறவர் 12 மாதம் என்று சொல்லமாட்டார். "மாதம் 2,810 கட்டினால் போதும் சார்" என்பார். அது 36 மாதத் தவணை. அதில் வட்டி 21,200, கட்டணத்தோடு 23,100. கார்டிலேயே வைத்து ஒரு வருடத்தில் அடைத்தால் எவ்வளவு போகுமோ, கிட்டத்தட்ட அதே தொகை! வட்டி விகிதம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும் காலம் மூன்று மடங்கானதால், கிடைத்த லாபம் அத்தனையும் போய்விட்டது. லோன் போட்டும் கடன் குறையவில்லையே என்று என்னிடம் வருகிறவர்களின் தாள்களில் நான் முதலில் தேடுவது தவணை எண்ணிக்கையைத்தான்.

உங்களுக்கு நான் சொல்வது 18 மாதம். தவணை 5,030. ஃபைனான்ஸும் ஃப்ரிட்ஜும் சேர்ந்தால் மாதம் 8,760. ஆர்டர் குறைந்த மாதத்தின் 9,000 ரூபாயிலும் அடங்கிவிடும். 12 மாதமாக எடுத்தால் கட்டாயத் தொகை 11,000 அளவுக்குப் போய், ஒரு மந்தமான மாதத்திலேயே தவணை பவுன்ஸ் ஆகும். 18 மாதத்தில் மொத்தச் செலவு சுமார் 12,400; கார்டோடு ஒப்பிட்டால் இன்னும் 10,000 ரூபாய்க்கு மேல் லாபம். நல்ல மாதங்களில் மிஞ்சும் 3,200 ரூபாயைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். மந்தமான மாதத்துக்குக் கை கொடுப்பது அதுதான்.

கையெழுத்துப் போடும் முன் முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் அதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஏபிஆர் என்ற ஒரு எண் இருக்கும். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருட வட்டி அதுதான். "10 சதவீதம் பிளாட்" என்று வாயால் சொல்லும் கடன், குறையும் பாக்கி முறையில் 18 சதவீதத்தை ஒட்டி வரும். நீங்கள் கேட்காத காப்பீட்டு பிரீமியம் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

கட்டணம் பிடித்தது போக கைக்கு 78,000 அளவில்தான் வரும். குறையும் தொகையை அந்த மாதத்து 12,000 ரூபாயிலிருந்து போட்டு முழுப் பாக்கியையும் அன்றே கட்டுங்கள். அதோடு முடியவில்லை. பில் 12ஆம் தேதி வந்து, நீங்கள் 25ஆம் தேதி 80,000 கட்டினால், இடைப்பட்ட 13 நாளின் வட்டி, ஜிஎஸ்டியோடு சுமார் 1,400 ரூபாய், அடுத்த பில்லில் வரும். கார்டு முடிந்தது என்று அந்த பில்லைப் பார்க்காமல் விட்டவர்களுக்குத் தாமதக் கட்டணமும் ஏறி, சிபில் அறிக்கையிலும் பாக்கி என்று பதிந்துவிடுகிறது. பில்லில் பூஜ்யம் வரும்வரை, குறைந்தது இரண்டு பில், பாருங்கள். போனில் யுபிஐயோடு கார்டை இணைத்திருந்தால் அன்றே நீக்கிவிடுங்கள். டீக்கடையில் ஸ்கேன் செய்த 20 ரூபாயும் கார்டில் ஏறிக்கொண்டிருக்கும்.

சிபில் காரணமாக லோன் மறுத்துவிட்டால், வீட்டில் நகை இருக்கும் பட்சத்தில் வங்கி நகைக்கடனைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வட்டிக்கு உள்ளேயே முடியும். ஆனால் தவணை முறையில் எடுங்கள். வருட முடிவில் மொத்தமாகக் கட்டுவதாக எடுத்தால் திருப்ப முடியாமல் மறு அடகுக்குப் போகும். அதுவும் முடியாது என்றால் மச்சான் வழியில் ஒரு திருத்தத்தோடு போங்கள். ஃப்ரிட்ஜுக்கு முன்பணம் வேண்டாம். அது 1,500 வீதம் தானாக முடியட்டும். ஃபைனான்ஸ் கடனை முதலில் முடித்துவிட்டு, அங்கே விடுபடும் பணம் முழுவதையும் அந்த மாதமே கார்டுக்குத் திருப்புங்கள்.